ஏப்ரலுக்கு முன்பே ஹைக் கேட்கலாமா?

கேள்வி: சோழிங்கநல்லூரில் ஒரு ஐடி கம்பெனியில் 6 வருஷமாக வேலை பார்க்கிறேன். சி.டி.சி. 9.6 லட்சம். செப்டம்பர் கடைசியில் எங்கள் டீம் லீட் வேலையை விட்டுப் போனார். அவருக்குப் பதில் யாரும் வரவில்லை. கிளையன்ட் கால், வேலை பிரித்துக் கொடுப்பது, ரிலீஸ் எல்லாம் என் தலையில்தான். மேனேஜரிடம் சம்பளம் பற்றிப் பேசினால், “ஏப்ரல் அப்ரைசலில் பார்த்துக்கலாம்” என்கிறார். இப்போது நவம்பர். நடுவில் கேட்பது தப்பா? கேட்டால் கிடைக்குமா?

பதில்: தப்பில்லை. உங்கள் விஷயத்தில் இப்போதே கேட்பதுதான் சரி. ஆனால் என்ன காரணம் சொல்லிக் கேட்கிறீர்கள் என்பதைப் பொறுத்துத்தான் கிடைக்கும். அதற்கு, மேனேஜர் ஏன் ஏப்ரலைக் காட்டுகிறார் என்று முதலில் புரிந்துகொள்ள வேண்டும்.

நம் ஊர்க் கம்பெனிகளில் பெரும்பாலானவற்றுக்குக் கணக்கு வருஷம் ஏப்ரலில் தொடங்கி மார்ச்சில் முடிகிறது. அடுத்த வருஷச் சம்பளச் செலவு எவ்வளவு என்பதை பைனான்ஸ் துறை ஜனவரி, பிப்ரவரி வாக்கில் முடிவு செய்துவிடும். அதில் ஹைக்குக்கென்று ஒரு தொகையை ஒதுக்கி, ஒவ்வொரு மேனேஜருக்கும் அவரவர் பங்கைக் கொடுப்பார்கள். உதாரணமாக, ஒரு மேனேஜரின் கீழ் 15 பேர், அவர்களின் மொத்தச் சம்பளம் 1.5 கோடி என்று வைத்துக்கொள்வோம். 8 சதவீதம் ஒதுக்கினால் அவர் கையில் இருப்பது 12 லட்சம். இரண்டு பேருக்குத் தலா 2 லட்சம் கொடுத்தால், மீதி 13 பேருக்கும் சேர்த்து 8 லட்சம்தான் மிச்சம். யாருக்கு எவ்வளவு என்பதை எல்லோரையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால்தான் பிரிக்க முடியும். அதனால்தான் வருஷத்துக்கு ஒருமுறை. நவம்பரில் மேனேஜரிடம் அந்தப் பணம் இருக்காது. “ஏப்ரலில் பார்க்கலாம்” என்பது பெரும்பாலும் தட்டிக்கழிப்பு இல்லை, கையில் பணம் இல்லை என்பதுதான்.

வெளியே தெரியாத இன்னொரு செலவும் உண்டு. கிராஜுவிட்டியைக் கடைசியாக வாங்கும் சம்பளத்தை வைத்துத்தான் கணக்கிடுவார்கள்: அதில் 15/26 பங்கு, அதைச் சர்வீஸ் வருஷங்களால் பெருக்க வேண்டும். அந்தக் கணக்கில் வரும் மாதச் சம்பளம் 6,500 ரூபாய் கூடினால், முடிந்துபோன 6 வருஷத்துக்கும் சேர்த்துக் கம்பெனியின் பொறுப்பு ஒரே நாளில் 22,500 ரூபாய் ஏறிவிடும். ஒருவருக்கு இது சின்னத் தொகை. ஆனால் நடுவில் ஏற்றும் பழக்கம் பரவினால் என்ன ஆகும் என்று பைனான்ஸ் ஆட்கள் பயப்படுவதில் நியாயம் உண்டு.

ஆகவே “நன்றாக உழைக்கிறேன்”, “வீட்டு வாடகை ஏறிவிட்டது”, “ஆறு வருஷம் ஆகிவிட்டது” என்று நடுவில் கேட்டால் கிடைப்பது அரிது. உழைப்புக்கு அளிக்க வேண்டியதை அப்ரைசலில் அளிப்பதாகத்தான் அவர்கள் ஏற்பாடு. நடுவில் சம்பளம் ஏற வேண்டுமானால், நீங்கள் பார்க்கும் வேலையே மாறியிருக்க வேண்டும். அந்த மாற்றத்துக்கான பணமும் எங்கோ இருக்க வேண்டும். உங்களிடம் இரண்டும் இருக்கின்றன.

பணம் எங்கே என்று பாருங்கள். போன லீடின் சம்பளம் 16 லட்சம் என்று வைத்துக்கொள்வோம். அவர் இடம் அக்டோபர் முதல் மார்ச் வரை காலியாக இருந்தால், இந்த வருஷ பட்ஜெட்டில் 8 லட்சம் செலவாகாமல் நிற்கும். நீங்கள் 11.5 லட்சம் கேட்கிறீர்கள் என்றால், கூடுதல் 1.9 லட்சம். நவம்பர் முதல் மார்ச் வரை ஐந்து மாதத்துக்குக் கம்பெனி கூடுதலாகத் தர வேண்டியது சுமார் 79,000 ரூபாய்தான். மேனேஜர் ஹெச்.ஆரிடம் கொண்டுபோய் வைக்கக்கூடிய கணக்கு இது. ஹைக் நிதியைத் தொடாமல், ஏற்கெனவே அனுமதியான பணத்திலிருந்தே கொடுக்கலாம் என்று அவர் வாதாட முடியும்.

ஆனால் இந்த வாய்ப்பு நீண்ட நாள் திறந்திருக்காது. வெளியிலிருந்து புது லீடை எடுக்க அனுமதி வாங்கி, ஒருவருக்கு ஆஃபர் லெட்டர் போய்விட்டால் அந்தப் பணம் அவருக்கு. வருஷக் கடைசியில் செலவைக் குறைக்கச் சொல்லி மேலிடம் காலி இடத்தையே எடுத்துவிடுவதும் நடக்கும். எனவே முதலில் கேட்க வேண்டிய கேள்வி சம்பளம் பற்றியதே அல்ல: “லீட் இடத்துக்கு ஆள் எடுக்கிறீர்களா, இல்லை நானே தொடர்கிறேனா?” எடுக்கிறோம் என்றால், உங்கள் பொறுப்பு தற்காலிகமானது. அப்போது நிரந்தர ஹைக்கை விட, அந்த மாதங்களுக்கு ஒரு அலவன்ஸ் கேட்பது பொருந்தும். எடுக்கவில்லை என்றால், லீட் பதவியும் அதற்குரிய சம்பளமும் கேளுங்கள்.

உங்கள் பிராஜெக்ட்டில் கிளையன்ட்டுக்கு ஆள்வாரியாக பில் போகிறதா என்றும் பாருங்கள். கிளையன்ட் இப்போது உங்களை லீட் ரேட்டில் ஏற்றுக்கொண்டிருந்தால், உங்கள் வேலைக்குக் கம்பெனிக்குக் கூடுதல் வருமானமே வருகிறது. இதைவிட வலுவான காரணம் கிடையாது.

வாய்மொழியாகப் பேசிய பிறகு அரைப்பக்கத்துக்கு ஒரு மெயில் போடுங்கள். அக்டோபர் 1 முதல் எந்தெந்த வேலை உங்களிடம் வந்தது, அதில் முடித்த ரிலீஸ்கள் எவை, கேட்கும் பதவி, தொகை, எந்தத் தேதியிலிருந்து என்பவை போதும். மேனேஜர் அதை அப்படியே ஹெச்.ஆருக்கு ஃபார்வர்ட் செய்யும்படி இருக்க வேண்டும். பக்கத்து சீட்காரரின் சம்பளத்தை அதில் இழுக்காதீர்கள். உங்களுக்கு ஏற்றினால் அவருக்கும் ஏற்ற வேண்டிவரும் என்ற பயத்தைத்தான் அது கிளப்பும். வேறு கம்பெனி ஆஃபரைக் காட்டுவதும், உண்மையிலேயே போகத் தயார் என்றால் மட்டும்.

சம்மதித்துவிட்டார்கள் என்றால் லெட்டரை நிதானமாகப் படியுங்கள். கூடிய தொகை ஃபிக்ஸடில் ஏறியிருக்கிறதா, வேரியபிளில் போட்டிருக்கிறார்களா? ஒருமுறை போனஸாகக் கொடுத்துவிட்டு, ஒரு வருஷத்துக்குள் போனால் திருப்பித் தர வேண்டும் என்று எழுதியிருக்கிறதா? இவற்றைவிட முக்கியம், ஏப்ரல் ஹைக் உங்களுக்கு உண்டா என்பது. நடுவில் வாங்கியவரை அடுத்த அப்ரைசலிலிருந்து விலக்கும் விதி பல இடங்களில் உண்டு. ஏப்ரலும் கிடைத்து 8 சதவீதம் வந்தால் 11.5 லட்சம் 12.42 லட்சமாகும். காத்திருந்து ஏப்ரலில் 15 சதவீதம் வாங்கினால்கூட 9.6 லட்சம் 11.04 லட்சம்தான் ஆகும். ஆனால் ஏப்ரல் ஹைக்கை வெட்டிவிட்டால் 11.5 லட்சத்திலேயே அதற்கடுத்த ஏப்ரல் வரை நிற்பீர்கள். அப்போது உங்களுக்கும் காத்திருந்தவருக்கும் இடையே வித்தியாசம் 46,000தான்.

இதே கேள்வியைப் பிப்ரவரியில் கேட்டிருந்தால் நடுவில் கேட்க வேண்டாம் என்றுதான் சொல்லியிருப்பேன். அந்த நேரத்தில் ஏப்ரல் பட்டியலில் பதவி உயர்வோடு உங்கள் பெயரைச் சேர்க்க வைப்பதுதான் வேலை. பலர் மார்ச் ரிவியூ மீட்டிங்கில் வாய் திறக்கிறார்கள். அதற்குள் மேனேஜர் கையிலிருந்த ஹைக் பணம் முழுவதும் பிரிந்து முடிந்திருக்கும்.

மறுத்தால், எதற்காக மறுக்கிறார்கள் என்று தெரிந்துகொள்ளுங்கள். பணம் இல்லை என்றால், ஏப்ரல் பதவி உயர்வுக்கு உங்கள் பெயரை ஜனவரிக்குள் அனுப்புவதாக மெயிலில் எழுதி வாங்குங்கள். இது லீட் வேலையே இல்லை என்றால், எந்தெந்தப் பொறுப்பு குறைகிறது என்று கேளுங்கள். அதையும் சொல்ல மறுத்தால், லீட் வேலைகளில் எவை உங்களுடையவை, எவை இல்லை என்று மேனேஜரையே எழுத்தில் பிரித்துத் தரச் சொல்லி, அதன்படி மட்டும் செய்யுங்கள்.