அட்டையில் உள்ள டிஎஃப்எம் எண்ணும் காலில் உள்ள அரிப்பும்

“எனக்கு 54 வயது. மார்கழி பிறந்ததிலிருந்து இரண்டு காலும் வெள்ளை வெள்ளையாகச் செதில் விட்டு, குளித்து முடித்ததும் அரிக்கிறது. முதலில் பியூட்டி சோப் போட்டேன். டிஎஃப்எம் 76க்கு மேல் இருக்க வேண்டும் என்று மகன் சொன்னதால் கிரேடு 1 டாய்லெட் சோப்புக்கு மாறினேன். அரிப்பு கூடிவிட்டது. இப்போது கிளிசரின் சோப். அதில் டிஎஃப்எம் குறைவாகப் போட்டிருக்கிறது. மஞ்சள் பட்டால் சோப்பு சிவக்கிறது, அது விஷம் என்று ஒரு வீடியோவில் காட்டினார்கள். மெடிக்கல் ஷாப்பில் கொடுத்த டியூபைத் தடவினால் இரண்டு நாள் அடங்குகிறது. எங்களுக்குப் போர் தண்ணீர்தான். என் அம்மா கிட்னி கெட்டுத்தான் இறந்தார். கடைசி நாட்களில் உடம்பெல்லாம் அரிக்கிறது என்று சொல்லிக்கொண்டே இருந்தார். எந்த சோப்பு நல்லது டாக்டர்?”
– வாசகி, நாமக்கல்

இது கிட்னி அரிப்பு மாதிரி தெரியவில்லை. அதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

சிறுநீரகம் கெட்டு வரும் அரிப்பு பெரும்பாலும் நோய் முற்றிய பிறகு, டயாலிசிஸ் வரை போனவர்களிடம்தான் தலைகாட்டும். உங்கள் அம்மாவுக்கும் அது கடைசியில்தான் வந்திருக்கிறது. நீங்கள் சொல்வது வேறு. பனிக்காலத்தில் ஆரம்பித்திருக்கிறது, முழங்காலுக்குக் கீழேதான் இருக்கிறது, தோல் கண்ணுக்குத் தெரியும்படி செதில் விட்டிருக்கிறது, குளித்த உடனே கூடுகிறது. இந்த நான்கும் சேர்ந்தால் வறண்ட தோல் என்றுதான் நினைப்பேன். ஐம்பது வயதுக்கு மேல் தோலில் எண்ணெய்ச் சுரப்பு குறையும். முன்னங்காலில் எண்ணெய்ச் சுரப்பிகள் முன்பே குறைவு. அதனால் வறட்சி அங்கேதான் முதலில் வரும்.

கவலைப்பட வேண்டிய அரிப்பு எப்படி இருக்கும் என்றால், தோலில் செதிலோ தடிப்போ இருக்காது, ஆனால் உடம்பு முழுக்க அரிக்கும், ராத்திரி தூக்கத்தைக் கெடுக்கும். அப்படி வருபவர்களின் முதுகைத் திருப்பிப் பார்ப்போம். தோளிலும் இடுப்பிலும் நகம் கீறிய கோடுகள் இருக்கும், நடு முதுகில் கை எட்டாத இடம் மட்டும் சுத்தமாக இருக்கும். அரிப்பு உள்ளிருந்து வருகிறது, தோலில் இருப்பதெல்லாம் சொறிந்த தடம் மட்டுமே என்பதற்கு அது நல்ல துப்பு. அந்த மாதிரி அரிப்பு மூன்று நான்கு வாரம் நீடித்தால், கூடவே எடை குறைந்தாலோ கண் மஞ்சளானாலோ, எந்த சோப்பையும் மாற்றிக்கொண்டிருக்காமல் ரத்தப் பரிசோதனைக்குப் போக வேண்டும்.

இனி சோப்புக்கு வருவோம். உங்கள் மகன் சொன்னது பாதி சரி. அந்த மிச்சப் பாதியில்தான் உங்கள் கால் மாட்டிக்கொண்டது.

டிஎஃப்எம் என்பது மொத்தக் கொழுப்பு அமிலத்தின் அளவு. ஆய்வகத்தில் சோப்பைச் சுடுநீரில் கரைத்து அமிலம் ஊற்றுவார்கள். சோப்பு உடைந்து கொழுப்பு அமிலம் மேலே படலமாக மிதக்கும். அதைப் பிரித்து எடை போடுவார்கள். 100 கிராம் கட்டியில் 76 கிராம் கிடைத்தால் டிஎஃப்எம் 76. இந்தியத் தரப்படி டாய்லெட் சோப்பு கிரேடு 1 ஆவதற்குக் குறைந்தது 76 சதவீதம் வேண்டும், கிரேடு 2க்கு 70, கிரேடு 3க்கு 60. ‘பாத்திங் பார்’ என்று அட்டையில் போட்டிருந்தால் அது வேறு வகை, அதற்கு 40 இருந்தாலே போதும்.

இங்கேதான் எல்லோரும் ஏமாறுகிறார்கள். கொழுப்பு என்ற சொல்லைப் பார்த்ததும், அது தோலுக்குப் போய்ச் சேரும் எண்ணெய் என்று நினைத்துக்கொள்கிறார்கள். அப்படி இல்லை. அந்த 76 கிராமும் சோடியத்தோடு பிணைந்து சோப்பாகவே இருக்கிறது. அழுக்கையும் எண்ணெயையும் வழித்தெடுப்பது அதுதான். எண் கூடக் கூட, கட்டியில் அசல் சோப்பு அதிகம், டால்க், வெள்ளைக் களிமண் மாதிரி நிரப்புப் பொருள் குறைவு. கொடுக்கிற காசுக்குச் சரியான சரக்கா, சீக்கிரம் கொழகொழவென்று ஆகாமல் நாள்பட உழைக்குமா என்பதற்கு இந்த எண் நல்ல அளவுகோல். வறண்ட தோலுக்கு இதமா என்பதை அது சொல்லாது. கிரேடு 1 சோப்பை முழங்காலில் இருந்து பாதம் வரை தினமும் தேய்த்தால், அங்கே இருக்கிற கொஞ்ச எண்ணெயையும் கச்சிதமாகக் கழுவிவிடும். உங்களுக்கு நடந்தது அதுதான்.

கிரேடு 3 இதைவிட நல்லது என்று அர்த்தம் செய்துகொள்ள வேண்டாம். அதிலும் வேலை செய்வது அதே சோப்புதான், கூடவே நிரப்புப் பொருள். இதத்தைத் தீர்மானிப்பது வேறு விஷயங்கள். எந்த எண்ணெயில் செய்தது என்பது அதில் முக்கியமானது. தேங்காய் எண்ணெயும் பாம் கெர்னல் எண்ணெயும் அதிகமாகச் சேர்ந்தால் நுரை பொங்கும், ஆனால் அவற்றில் உள்ள லாரிக் அமில வகை சோப்பு தோலை அதிகம் உலர்த்தும். ‘சுத்தமான தேங்காய் எண்ணெய் சோப்பு’ என்று வீட்டில் செய்து விற்பதை வாங்கி, எரிகிறது என்று வருபவர்களை நிறையப் பார்க்கிறேன். தேங்காய் எண்ணெயைத் தடவுவதும் அதைச் சோப்பாக்கித் தேய்ப்பதும் ஒன்றல்ல.

கிளிசரின் சோப்பில் டிஎஃப்எம் குறைவாக இருப்பது குறையே இல்லை. ஒளி ஊடுருவும் அந்தக் கட்டியைச் செய்யக் கிளிசரின், சர்க்கரைப் பாகு, சார்பிட்டால் எல்லாம் சேர்ப்பார்கள். எடையில் அவை இடம் பிடித்துக்கொள்வதால் எண் இறங்கிவிடும். களிமண் சேர்த்து எண் இறங்குவதும் கிளிசரின் சேர்த்து எண் இறங்குவதும் தோலுக்கு ஒன்றா? கிரேடு 1 சோப்போடு பார்த்தால் உங்கள் காலுக்கு இது தேவலாம். ஆனால் பெரிதாக எதிர்பார்க்காதீர்கள். கிளிசரின் தண்ணீரில் நன்றாகக் கரையும் பொருள், இரண்டு செம்பு தண்ணீர் ஊற்றியதும் பெரும்பகுதி சாக்கடைக்குப் போய்விடும். ஈரமான சோப்புப் பெட்டியில் வைத்தால் கட்டியும் வாரத்தில் கரைந்துவிடும்.

பியூட்டி சோப் என்று தனியாக ஒரு தரமே கிடையாது. அட்டையின் முன்பக்கம் நடிகை இருப்பார், பின்பக்கம் சின்ன எழுத்தில் கிரேடு 1, 2, 3 அல்லது பாத்திங் பார் என்று இருக்கும். அதைத்தான் பார்க்க வேண்டும். அதற்குக் கீழே உள்ள பொருள் பட்டியலில் முதல் பெயர் என்ன என்று பாருங்கள். ‘சோடியம் பாமேட்’ என்று ஆரம்பித்தால் அது சாதாரண சோப்பு, மேலே வாசனையும் நிறமும். ‘சோடியம் லாராயில் ஐசெதியோனேட்’ என்று ஆரம்பித்தால் அது சின்டெட் வகை, அதாவது பெரும்பகுதி சோப்பே அல்லாத கழுவும் கட்டி. அட்டையில் பாத்திங் பார் என்றுதான் இருக்கும், கொழுப்பு எண்ணைப் பார்த்தால் மட்டமான சரக்கு போலத் தெரியும். வறண்ட தோலுக்கு நான் எழுதிக் கொடுப்பது பெரும்பாலும் அந்த வகையைத்தான்.

போர் தண்ணீர் என்று எழுதியிருக்கிறீர்கள், கடிதத்தில் உபயோகமான தகவல் அது. கடின நீரில் உள்ள கால்சியம் சோப்போடு சேர்ந்து கரையாத திரையாகிவிடும். பக்கெட் விளிம்பில் வெள்ளையாக ஒட்டிக்கொண்டு, விரலால் தேய்த்தால் பிசுபிசுக்கிறதே, அது காலிலும் படிகிறது. எவ்வளவு ஊற்றினாலும் முழுதாகப் போகாது. டாய்லெட் சோப்பு, கிளிசரின் சோப்பு இரண்டிலும் இந்தத் தொல்லை உண்டு. சின்டெட்டில் இந்தத் திரை அவ்வளவாக வராது.

மஞ்சள் வீடியோ சுத்த வேடிக்கை. மஞ்சள் காரத்தில் சிவக்கும். மஞ்சள் கறை பட்ட துணியில் சோப்பு போட்டால் சிவப்பாவதை நம் வீட்டில் யார் பார்க்கவில்லை? சோப்பு என்றாலே காரம்தான், கார அமில அளவு 9, 10 இருக்கும். விலை உயர்ந்ததும் சிவக்கும், மட்டமானதும் சிவக்கும். தோலின் மேற்பரப்பு சுமார் 5, லேசான அமிலம். அதனால் சோப்புக்குப் பிறகு தோல் கொஞ்ச நேரம் இறுகி இழுக்கிறது. விஷம் எதுவும் இல்லை.

சரி, என்ன செய்வது? மூன்று வாரத்துக்கு இரண்டு காலையும் இரண்டு விதமாகக் கழுவுங்கள். இடது காலுக்கு இப்போதுள்ள கிளிசரின் சோப்பே இருக்கட்டும். வலது காலுக்கு முழங்காலுக்குக் கீழே வெறும் தண்ணீர் மட்டும், பாதத்துக்கும் விரலிடுக்குக்கும் சோப்பு போடலாம். அழுக்குச் சேருமோ என்று பயப்பட வேண்டாம். வேர்வை நாற்றம் வருகிற அக்குள், தொடையிடுக்கு, பாதம், இவ்வளவுக்குத்தான் தினமும் சோப்பு தேவை. தண்ணீர் வெதுவெதுப்பாக இருக்கட்டும், ஆவி பறக்க வேண்டாம். பீர்க்கங்காய் நாரைத் தூக்கி வையுங்கள். துண்டால் ஒற்றி எடுத்து, ஈரம் காய்வதற்குள் இரண்டு காலுக்கும் தேங்காய் எண்ணெயோ வெறும் பெட்ரோலியம் ஜெல்லியோ தடவுங்கள். காய்ந்த பிறகு மத்தியானம் தடவினால் பாதிப் பலன்தான்.

வலது கால் முதலில் அடங்கினால் குற்றவாளி சோப்பு, அடுத்த கட்டி வாங்கும்போது சின்டெட்டுக்குப் போங்கள். இரண்டும் ஒன்றாக அடங்கினால் எண்ணெய்தான் வேலை செய்திருக்கிறது, கிளிசரின் சோப்பையே தொடரலாம். இரண்டும் அடங்கவில்லை, அல்லது செதிலே இல்லாத வயிறு, முதுகு என்று அரிப்பு பரவுகிறது என்றால் சோப்பு அட்டையைப் படித்தது போதும், மருத்துவரிடம் போங்கள்.

அதற்குக் காத்திராமல் ஒன்று செய்துவிடுங்கள். ரத்தத்தில் கிரியேட்டினின், சர்க்கரை, சிறுநீரில் அல்புமின், கூடவே பிரஷர். இது அரிப்புக்காக இல்லை. அம்மாவுக்குச் சிறுநீரகம் கெட்டிருந்தால் மகளுக்கு வருஷம் ஒரு தடவை பார்ப்பது நல்லது, அவ்வளவுதான். சிறுநீரக நோய் ஆரம்பத்தில் அரிப்பு உட்பட எந்த அறிகுறியும் காட்டாது. அரிப்பு இல்லாத வருஷமும் பாருங்கள்.

கடைசியாக அந்த டியூப். பெயரை எழுதவில்லை, ஆனால் இரண்டு நாளில் அரிப்பை அடக்குகிறது என்றால் ஸ்டீராய்டு கலந்ததாகத்தான் இருக்கும். சீட்டு இல்லாமல் அதை விற்பவருக்கும் சரி, வாங்குபவருக்கும் சரி, நான் கோபத்தோடுதான் பதில் சொல்ல வேண்டியிருக்கிறது. வறட்சியால் மெலிந்த தோலை அது மேலும் மெலிய வைக்கும். படர்தாமரை இருந்தால் அதன் உருவத்தையே மாற்றிப் பரப்பிவிடும், பிறகு பார்க்கிற எங்களுக்கே அடையாளம் தெரியாது. நிறுத்துங்கள். நிறுத்தியதும் நான்கைந்து நாள் அரிப்பு கூடலாம், அப்போது மறுபடி அதைத் தொடாமல் ஜெல்லியை இரண்டு வேளை தடவுங்கள். ஓரம் தடித்து நடுவில் தெளிந்த வட்டம் எங்காவது தெரிந்தால் மூன்று வாரம் காத்திருக்காதீர்கள், டியூபையும் கையில் எடுத்துக்கொண்டு தோல் மருத்துவரைப் பாருங்கள்.