சண்டை வராத சீட்டு

கேள்வி: டிசம்பர் லீவுக்குப் பெரியம்மா பிள்ளைகள், மாமா பிள்ளைகளோடு பதுளையிலிருந்து கொழும்புக்கு ரயிலில் போகிறோம். கையில் ஒரே ஒரு சீட்டுக்கட்டுதான். ரம்மி எல்லோருக்கும் அலுத்துவிட்டது. சண்டை வராத விளையாட்டு ஏதாவது சொல்லுங்கள். – சு. வ., பண்டாரவளை

பதில்: ஒரே இருக்கையில் மச்சானையும் மச்சாளையும் உட்காரவைத்து, கையில் சீட்டையும் கொடுத்துவிட்டு, சண்டை வரக்கூடாது என்கிறீர்கள். சண்டை வேண்டாமென்றால் ஜன்னல் பக்கம் திரும்பி இருங்கள், தெமோதரையில் ரயில் தன் பாதைக்குக் கீழேயே வளைந்து போவதாவது தெரியும். சீட்டைத்தான் எடுப்பீர்கள் என்றால் சண்டைக்கென்றே செய்த விளையாட்டாக ஆடுங்கள். 304. கொழும்பு மட்டும் தாங்கும்.

உடனே யாழ்ப்பாணத்து நண்பர் பேனாவை எடுப்பார். 304 தங்கள் சொத்து என்றும், மலையில் இருக்கிறவர்களுக்குக் கேள்வி கேட்கத் தெரியாது என்றும் அவர் எழுதாத வருடம் இல்லை. ஐயா, இலங்கை முழுக்கத்தான் அதை ஆடுகிறார்கள். எங்கள் லயத்துத் திண்ணைகளில் ஆடியவர்கள் உங்களிடம் அனுமதி வாங்கவில்லை.

எனக்கு இந்த விளையாட்டின் மேல் இருக்கிற மரியாதைக்குக் காரணமே வேறு. இதில் ஜாக்தான் பெரியவர், அவருக்கு 30 புள்ளி. அடுத்தது ஒன்பது, அதற்கு 20. ஆசு மூன்றாமிடத்தில் 11 புள்ளியோடு நிற்கிறது, அதன் பிறகு பத்துக்கு 10. ராஜாவுக்கு எவ்வளவு தெரியுமா? 3. ராணிக்கு 2. எட்டுக்கும் ஏழுக்கும் ஒன்றும் இல்லை. கிரீடம் வைத்தவர்கள் இரண்டு பேரும் சேர்ந்து வந்தாலும் ஐந்து புள்ளிதான், தொப்பி போட்ட இளந்தாரி தனியாக முப்பது. துரைமார் ஆண்ட நாட்டில் இப்படியொரு கணக்கை எவன் கொண்டுவந்தானோ, அவனுக்கு அட்டனில் ஒரு சிலை வைக்கலாம். நம் தலைவர்களோ மே தின மேடைக்கு மேடை ஏறி "தொழிலாளியே இந்நாட்டின் ராஜா" என்கிறார்கள். ராஜா என்றால் 3. அந்த மதிப்பைத்தான் கொடுத்தும் வந்தார்கள், ஆயிரம் ரூபாய் நாட்சம்பளம் வர்த்தமானியில் ஏற 2021 ஆனது. அடுத்த கூட்டத்தில் யாராவது "தொழிலாளியே ஜாக்" என்று பேசினால் முதல் வரிசையில் இருந்து நான் கைதட்டுவேன்.

சரி, ரயிலுக்கு வருவோம். கட்டிலிருந்து இரண்டு முதல் ஆறு வரை எல்லாவற்றையும் எடுத்துவிடுங்கள். 32 சீட்டு மிஞ்சும். ஒரு நிறத்துக்கு 76 புள்ளி, நான்கு நிறத்துக்கும் சேர்த்து 304. ஒதுக்கிய 20 சீட்டையும் வீசிவிடாதீர்கள், ஓர் அணி பத்தாக வைத்துக்கொண்டால் வெற்றி தோல்விக்கு அதுவே கல். ஆடுகிறவர்கள் நான்கு பேர், எதிரெதிரே இருப்பவர்கள் கூட்டாளிகள். சீட்டு போடுவதும் இறக்குவதும் வலப்பக்கமாக.

முதலில் ஆளுக்கு நான்கு சீட்டு மட்டும். அதை வைத்துக்கொண்டுதான் இத்தனை புள்ளி எடுப்போம் என்று 160இலிருந்து கேள்வி கேட்கவேண்டும், பத்துப் பத்தாக ஏற்றலாம். அதிகம் கேட்டவர் தன் நான்கில் ஒன்றைத் துரும்பாகக் கவிழ்த்து வைப்பார். பிறகு மற்ற நான்கும் வரும். பாதிக் கையைப் பார்த்து வாக்குக் கொடுத்துவிட்டு மீதிக் கைக்கு அல்லாடுவதுதான் இதன் ருசி. துரும்பு எது என்று கவிழ்த்தவருக்கு மட்டுமே தெரியும். இறங்கிய நிறம் கையில் இல்லாதவர்கள் சீட்டைக் கவிழ்த்துப் போடவேண்டும். நான்கும் விழுந்தபின் கேட்டவர் கவிழ்ந்தவற்றை எடுத்துப் பார்ப்பார். அதில் துரும்பு இருந்தால் எல்லோருக்கும் காட்டி, தன் துரும்பையும் திறப்பார். இல்லாவிட்டால் மூடியபடியே போய்விடும்.

நீங்கள்தான் சீட்டு போட்டீர்கள் என்று வையுங்கள். முதல் நான்கில் ஸ்பேட் ஜாக், ஒன்பது, எட்டு, கூடவே டைமண்ட் ஆசு. 170 கேட்டு, ஸ்பேட் எட்டைக் கவிழ்க்கிறீர்கள். ஜாக்கைக் கவிழ்ப்பவன் மடையன், துரும்பு மூடியிருக்கும் வரை அந்தச் சீட்டை இறங்க முடியாது, வெட்ட மட்டும்தான் முடியும். அடுத்து வந்தவை கிளாவர் ஜாக், ராணி, ஏழு, டைமண்ட் ராஜா. ஹார்ட்ஸ் ஒன்றுகூட இல்லை. நல்லதுதான்.

உங்கள் வலப்பக்கத்து மச்சான் ஹார்ட்ஸ் ஜாக்கை இறங்குகிறான். கூட்டாளி மச்சாள் ஏழைப் போடுகிறாள். இடப்பக்கத்தவன் நம் பக்கம்தானே என்ற தைரியத்தில் பத்தைச் சேர்க்கிறான். நாற்பது புள்ளி கண்முன்னே கிடக்கிறது. கிளாவர் ஏழைக் கவிழ்த்துப் போட்டுத் துரும்பை மறைத்தே வைக்கலாம், ஆனால் நாற்பதும் போய்விடும். நான் எட்டால் வெட்டுவேன். ஒரு புள்ளிகூட இல்லாத சீட்டு நாற்பதைக் கொண்டுவருகிறது, பெரிய துரும்பு இரண்டும் கையிலேயே இருக்கின்றன. அடுத்து அவற்றை வரிசையாக இறங்கினால் 50. அவற்றின் கீழ் ஸ்பேட் ஆசும் பத்தும் விழுந்தால் இன்னும் 21. கிளாவர் ஜாக் வெட்டுப்படாமல் தப்பினால் 30. மொத்தம் 141. மீதி 29 புள்ளிக்கு மச்சாளை நம்பவேண்டும். எதிரணி 134 எடுத்தாலும் உங்களுக்கு வெற்றி, 135 எடுத்தால் போச்சு. எங்கள் பக்கத்து வழக்கப்படி 200க்குக் கீழே கேட்டு வென்றால் ஒரு கல், தோற்றால் இரண்டு. இருபது நிமிடத்துக்கு மச்சாளோடு பேச்சு வார்த்தை இருக்காது.

ரயிலுக்கென்று சில சங்கதிகள். மேசையாக மடியில் ஒரு சூட்கேஸ் போதும். ஆனால் கவிழ்த்த துரும்பை பிஸ்கட் டின்னுக்கு அடியில் வையுங்கள். ஓஹிய காற்று உள்ளே வந்தால் துரும்பு ஹோட்டன் சமவெளிப் பக்கம் போய்விடும். ஆட்டம் முடிந்ததும் இரண்டு அணியும் தங்கள் புள்ளியை எண்ணிக் கூட்டிப் பாருங்கள். 304 வரவில்லையென்றால் ஏதோ ஒரு சீட்டு இருக்கைக்குக் கீழே கிடக்கிறது. 293 வந்தால் ஆசு. 301 என்றால் ராஜா, அவரை ஆறுதலாகத் தேடலாம். ஏழும் எட்டும் காணாமல் போனால் புள்ளியில் தெரியாது, சீட்டையே 32 என்று எண்ணவேண்டும். நிறம் கையில் இருந்தும் இல்லையென்று சொன்னவனையும் கூட்டல் காட்டிக்கொடுக்காது. அதற்கு எடுத்த பிடிகளைக் கலக்காமல் நான்கு நான்காகவே அடுக்கி வையுங்கள், திருப்பிப் பார்த்தால் கள்ளன் அகப்படுவான்.

இதல்கஸ்ஹின்னைக்கும் ஓஹியவுக்கும் இடையில் சுரங்கம் சுரங்கமாக வரும். பெட்டியில் விளக்கு எரியாவிட்டால் எல்லோரும் சீட்டை நெஞ்சோடு அணைத்துக்கொள்ளுங்கள். கூட்டாளியின் காலை மிதித்துத் துரும்பு சொல்கிற பழக்கம் இருட்டில்தான் தலையெடுக்கிறது. மூக்கைச் சொறிந்தால் ஸ்பேட், காதைத் தொட்டால் ஹார்ட்ஸ் என்று என் உறவில் ஒரு கோஷ்டியே இருந்தது. அவர்களில் ஒருவருக்கு உண்மையிலேயே தடிமன் பிடித்த நாளில் அந்த அணி பத்துக் கல்லையும் கொடுத்துவிட்டு எழுந்தது.

ஐந்தாவது, ஆறாவது ஆள் இருந்தால் அவர்களுக்கு வடை வாங்கும் வேலை. தோற்ற அணி எழுந்து இடம் கொடுக்கவேண்டும். எல்லோரும் ஒரே நேரத்தில் ஆடித்தான் ஆகவேண்டும் என்று சின்னவர்கள் அழுதால் கழுதை ஆடுங்கள். ரம்மியைப் பாதுகாக்க விரும்பும் வாசகர்கள் மூன்று பக்கத்துக்கு மேல் எழுதவேண்டாம், சென்ற முறை வந்த கடிதங்களையே இன்னும் படித்து முடிக்கவில்லை.