ஒரு தட்டுக் கறியின் அசல் செலவு

கேள்வி: சின்ன உணவகம் நடத்துகிறேன். கோழிக்கறிக்கு வாங்கும் இறைச்சியில் கழிவும் சமைத்தபின் கிடைக்கும் எடையும் நாளுக்கு நாள் மாறுகின்றன. ஒரு தட்டுக்கு உண்மையில் எவ்வளவு செலவாகிறது என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

பதில்: தராசை மூன்று இடத்தில் பயன்படுத்துங்கள்: வாங்கியதும், சுத்தம் செய்ததும், வெந்ததும். வெந்தபின் துண்டுகளையும் குழம்பையும் தனித்தனியாக நிறுக்க வேண்டும். இறைச்சி விடும் நீர் குழம்பில்தான் சேர்கிறது. பாத்திரத்தோடு மொத்தமாக நிறுத்தால் துண்டு எவ்வளவு சுருங்கியது என்றே தெரியாது.

ஓர் உதாரணம். கிலோ 200 விலையில் 10 கிலோ இறைச்சி, ஆக 2,000. சுத்தம் செய்தால் 8 கிலோ, வெந்தபின் துண்டுகள் 6 கிலோ என்று வைத்துக்கொள்வோம். கழிவு 20%, சுருக்கம் 25%, இரண்டையும் கூட்டி விலையில் 45% ஏற்றினால் கிலோ 290 வரும். பலர் இங்கேதான் ஏமாறுகிறார்கள். கூட்டக் கூடாது, வகுக்க வேண்டும்: 2,000 ÷ 6 = 333. தட்டுக்கு 150 கிராம் துண்டு என்றால் 43.50 அல்ல, 50.

குழம்புக்கும் இதே வழிதான். வெங்காயம், தக்காளி, எண்ணெய், மசாலா எல்லாம் சேர்த்து 700 செலவாகி 5 கிலோ குழம்பு வந்தால், 120 கிராமுக்கு 16.80. கூடுதலாகக் கொதித்து 4.2 கிலோவாக வற்றினால் அதே 120 கிராம் 20 ஆகிவிடும். முதல் கணக்கில் தட்டுக்கு 66.80. எரிபொருளும் கூலியும் இதில் இல்லை.

எடை மாறுவதற்கு, தினசரி சதவீதங்களைக் கூட்டிச் சராசரி எடுக்காதீர்கள். ஒரு நாள் 10 கிலோவில் 8, மறுநாள் 20 கிலோவில் 14 கிடைத்தால் சதவீதச் சராசரி 75. ஆனால் மொத்தம் 30 கிலோவில் 22, அதாவது 73.3%. இரண்டு வாரமாவது எழுதி, மொத்தத்தை மொத்தத்தால் வகுத்து வரும் எண்ணை விலைக்கு அடிப்படையாக்குங்கள். அந்த இரண்டு வாரத்தின் மோசமான நாளையும் ஒருமுறை போட்டுப் பாருங்கள். அன்றும் விற்பனை விலை தாங்குகிறதா என்று தெரிந்துவிடும்.

கடைசியாக, பரிமாறிய தட்டுகளை எண்ணுங்கள். 6 கிலோ துண்டுக்கு 40 தட்டு வர வேண்டும். 37தான் போயிருந்தால் செலவு 2,700 ÷ 37, சுமார் 73. வெந்த எடை சரியாக 6 கிலோ இருந்து, பாத்திரத்தில் மிச்சமும் இல்லையென்றால், கசாப்புக்காரரையோ அடுப்பையோ குறை சொல்லிப் பயனில்லை. தட்டுக்குச் சராசரியாக 162 கிராம் போயிருக்கிறது. பரிமாறும் கரண்டியைத்தான் பார்க்க வேண்டும். வெந்த எடையே 5.6 கிலோவாக இறங்கியிருந்தால், சுத்தம் செய்த எடையைப் பாருங்கள்: அது 8 கிலோ இருந்தால் பெரும்பாலும் அதிக நேரம் வேகவிட்டிருப்பார்கள், 7.5 கிலோதான் இருந்தால் கழிவு கூடிய சரக்கு வந்திருக்கிறது.