மணிக்கு இவ்வளவு என்பதை மட்டும் வைத்து மெஷினை வாடகைக்கு எடுக்கலாமா?

கேள்வி: ஒரு கட்டட வேலைக்குப் பொக்லைன் வாடகைக்கு எடுக்க வேண்டும். இரண்டு பேர் ஒப்பந்தம் அனுப்பியிருக்கிறார்கள். ஒருவர் மணிக்கு 100, இன்னொருவர் 120. இரண்டையும் எக்செல்லில் போட்டால் முதலாமவர்தான் மலிவு. ஆனால் உள்ளே ஏதேதோ நிபந்தனைகள் இருக்கின்றன. எதையெல்லாம் எடுத்து எழுதி ஒப்பிட வேண்டும்? சேதத்துக்கு யார் பொறுப்பு என்பதை எப்படிச் செலவாகப் போடுவது?

பதில்: வாடகை விகிதத்தைத் தனியாக ஒப்பிடாதீர்கள். முதலில் உங்கள் வேலையை எண்ணில் எழுதுங்கள். மெஷின் 26 நாள் உங்கள் இடத்தில் நிற்கும், அதில் 22 நாள் ஓடும், ஓடும் நாளில் சராசரியாக 5 மணி நேரம் என்று வைத்துக்கொள்வோம். மொத்தம் 110 மணி. இந்த ஒரே வேலையை இரண்டு ஒப்பந்தத்திலும் ஓட்டிப் பார்க்க வேண்டும்.

முதல் ஒப்பந்தத்தில் 'ஒரு நாளைக்குக் குறைந்தது 8 மணி' என்று இருந்தால், ஓடிய 22 நாளுக்கே 176 மணிக்குப் பில் வரும். அதாவது 17,600. இங்கே விளக்கப் பிரிவைத் தேடிப் படியுங்கள். 'நாள்' என்றால் மெஷின் ஓடிய நாளா, உங்கள் இடத்தில் நின்ற நாளா? நின்ற நாள் என்றால் 26 நாளுக்கு 20,800. மழையில் சும்மா நின்றதற்கும் சேர்த்துக் கொடுக்கிறீர்கள்.

இரண்டாவதில் '30 நாளுக்குக் குறைந்தது 120 மணி' என்று இருந்தால், மணிகள் மொத்தமாகக் கூட்டப்படுகின்றன. ஒரு நாள் குறைந்ததை இன்னொரு நாள் ஈடுகட்டும். 14,400 ஆகிறது. மெஷினைக் கொண்டுவந்து திருப்பி எடுக்க 2,000 தனி என்றாலும் 16,400தான். போக்குவரத்து முதலாமவரின் வாடகையிலேயே அடங்கியிருந்தால்கூட, மணிக்கு 120 கேட்டவர்தான் இப்போது மலிவு. ஆனால் 31ஆம் நாள் என்ன ஆகும் என்பதையும் பாருங்கள். அன்றைக்கு விகிதாசாரமாகக் கணக்கா, அல்லது அடுத்த 120 மணியும் தொடங்கிவிடுமா? வேலை இழுக்கும் என்று தோன்றினால் இந்த ஒரு வரி மொத்தக் கணக்கையும் திருப்பிப் போடும். வாடகை எப்போது நிற்கிறது என்பதும் அப்படித்தான். சில ஒப்பந்தங்களில் நீங்கள் 'வேலை முடிந்தது' என்று எழுதிக் கொடுத்த நாளில் நிற்கும், சிலவற்றில் மெஷின் அவர்கள் இடத்துக்குப் போய்ச் சேர்ந்த பிறகுதான்.

சரி, சேதம். இதை வாடகையோடு கூட்டாதீர்கள். வாடகை நிச்சயம் வரும் செலவு, சேதம் வரலாம், வராமலும் போகலாம். பக்கத்தில் தனிப் பத்தி போட்டு, ஒரே விபத்தை இரண்டிலும் வைத்துப் பாருங்கள். ஹைட்ராலிக் பகுதி உடைந்து, பழுதுக்கு 4,000 செலவாகி, 10 நாள் மெஷின் ஓடவில்லை என்று வைப்போம். முதல் ஒப்பந்தம் 'வாடகைக்கு எடுத்தவரின் கவனக்குறைவால் நேர்ந்த சேதம்' என்று மட்டும் சொல்லி, பழுது நாட்களுக்கு வாடகை இல்லை என்றால், தவறு உங்களுடையது என்றாலும் 4,000தான். இரண்டாவது 'எக்காரணத்தால் நேர்ந்த சேதமும்' என்று சொல்லி, பழுது முடியும்வரை வாடகை ஓடும் என்றால், அந்த 10 நாளுக்குக் குறைந்தபட்ச வீதமே நாளுக்கு 4 மணியாக 40 மணி, 4,800. மொத்தம் 8,800. வாடகையில் மிச்சப்பட்டதைவிட இது அதிகம்.

நான் இந்தப் பிரிவில் முதலில் தேடுவது ஆபரேட்டரைப் பற்றிய வரியைத்தான். ஆபரேட்டரை அவர்களே அனுப்புவதால் அவர் செய்யும் தவறு அவர்கள் பொறுப்பு என்று பலரும் நம்புகிறார்கள். 'வேலை நேரத்தில் ஆபரேட்டர் எடுத்தவரின் கட்டுப்பாட்டில் இருப்பவராகக் கருதப்படுவார்' என்று ஒரு வரி இருந்தால், அந்தத் தவறும் உங்கள் தலையில் வந்து விழலாம். சேதம் வந்தால் உங்களிடம் கேட்க மாட்டோம் என்று சொல்லி, 'சேத விலக்குக் கட்டணம்' என்று தினமும் ஒரு தொகை வாங்கினால், அதை இன்சூரன்ஸ் என்று நினைத்துவிடாதீர்கள். டயர், கண்ணாடி, திருட்டு, தவறான பயன்பாடு ஆகியவை பெரும்பாலும் அதில் சேராது. விலக்கியவற்றின் பட்டியலையும், அதற்கு மேலும் நீங்கள் கட்ட வேண்டிய தொகையையும் எழுதிக்கொள்ளுங்கள்.

அட்டவணையில் ஒவ்வொரு எண்ணுக்கும் பக்கத்தில் பிரிவு எண்ணையும் அந்த வாக்கியத்தையும் அப்படியே எழுதுங்கள். ஒப்பந்தம் ஒன்றைப் பற்றிப் பேசவே இல்லை என்றால், அந்தக் கட்டத்தில் பூஜ்யம் போடாமல் 'சொல்லவில்லை' என்று போடுங்கள். பூஜ்யம் போட்டால் ஒன்றும் சொல்லாத ஒப்பந்தம்தான் மலிவாகத் தெரியும். மெஷின் வந்து இறங்கும்போது கையெழுத்து வாங்கும் சலானின் பின்பக்கத்தையும் விடாதீர்கள். அங்கே அச்சிட்ட நிபந்தனைகள் விலைப்பட்டியலோடு முரண்பட்டால் எது செல்லும் என்று ஒப்பந்தத்தில் தேடுங்கள்.

'சொல்லவில்லை' என்று நின்ற கட்டங்களைக் கையெழுத்துக்கு முன்பே எழுத்தில் கேளுங்கள். பதிலை ஒப்பந்தத்தின் இணைப்பாகச் சேர்த்து இருவரும் கையெழுத்திடுங்கள். 'இதில் எழுதியிருப்பது மட்டுமே முழு உடன்பாடு' என்ற பிரிவு இருந்தால், போனில் 'அதெல்லாம் பார்த்துக்கலாம் சார்' என்று சொன்னதை வைத்துப் பின்னால் வாதாடுவது கடினம்.