அலர்ட்டும் வார்னிங்கும் ஒரே சொல்லாகிவிடாமல் இருக்க

“240 பக்கப் புயல் கையேடு, ஆங்கிலத்திலிருந்து தமிழுக்கு. கடலூரில் மூன்று பேர் பிரித்துக்கொண்டு செய்யப்போகிறோம். சொற்பட்டியலை எங்கிருந்து தொடங்குவது?”

பக்கங்களை இப்போதே பிரிக்காதீங்க. மூணு பேரும் ஒரே நான்கு பக்கத்தைத் தனித்தனியா மொழிபெயர்த்து, அருகருகே வச்சுப் பாருங்க. எங்கெல்லாம் சொல் மாறுதோ அதெல்லாம் பட்டியலுக்குப் போகட்டும். எல்லாருமே ‘மழை’ன்னு எழுதுற இடத்துக்குப் பட்டியல் எதுக்கு?

புதுச்சேரியில் இதே மாதிரி வேலையில் நாங்க மாட்டிக்கிட்டது ‘எச்சரிக்கை’யில்தான். ஒருத்தர் அலர்ட்டுக்கும் இன்னொருத்தர் வார்னிங்குக்கும் அதையே போட்டிருந்தார். வானிலைத் துறை நடைமுறையில் முதலாவது, மோசமான வானிலை தொடங்குவதற்குக் குறைந்தது 48 மணி நேரம் முன்பு வருவது. இரண்டாவது 24 மணி நேரம் முன்பு. சேர்த்து வாசித்தால் படகை எப்போ கரையேத்துறதுன்னே புரியல. கடைசியில் அலர்ட் ‘உஷார்நிலை’, வார்னிங் ‘எச்சரிக்கை’ன்னு முடிவு பண்ணோம்.

அதனால பட்டியலில் ஆங்கிலம், தமிழ், மூல வாக்கியம் தவிர ‘போடக்கூடாத சொல்’னு ஒரு நெடுவரிசை கட்டாயம் வேணும். உஷார்நிலைக்கு எதிரே அங்கே ‘எச்சரிக்கை’.

மூணு பேரும் ஒரே நடையில எழுத ஒரு நடைத்தாளும் வேணும், அதுக்கு ஒரு பக்கம் போதும். கட்டளை ‘செய்யவும்’ஆ, ‘செய்ய வேண்டும்’ஆ என்பதை முதல்ல தீர்த்துடுங்க, மூலத்தில் கட்டாயமும் பரிந்துரையும் வேற வேற என்றால் தமிழிலும் இரண்டு வடிவம் வேணும்.

சரிபார்க்கும்போது முழுச் சொல்லைத் தேடாதீங்க. ‘புகலிடம்’னு தேடினா ‘புகலிடத்தில்’ சிக்காது, ‘புகலிட’ன்னு தேடுங்க.