பலகாரம் சுடும் கையும் வெண்புள்ளியும்: கேள்வி பதில்

காரைக்குடியில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் தோல் மருத்துவம் பார்த்தவன் என்ற முறையில், தோல் திட்டுத் திட்டாக வெளுக்கும் வெண்புள்ளி நோயைப் பற்றி வந்த கேள்விகளுக்கு இங்கே பதில் எழுதுகிறேன்.

கண்டனூரிலிருந்து ஒரு மகள்: அம்மா கல்யாண வீடுகளுக்கு முறுக்கும் அதிரசமும் சுட்டுக் கொடுப்பவர். மூன்று ஆண்டுகளாக விரல் நுனிகளும் உதடும் வெளுத்துவிட்டன. போன மாதம் ஒரு வீட்டில், "அந்தக் கை தொட்ட பலகாரம் வேண்டாம்" என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். உணவின் வழியாக இது ஒட்டுமா?

ஒட்டாது. ஒட்டுவதற்கு ஒரு கிருமி வேண்டும், இதில் கிருமியே இல்லை. நம் மேல்தோலின் அடிவரிசையில் நிறமிச் செல்கள் இருக்கின்றன. அவை மெலனின் என்னும் நிறத்தைச் சிறு மணிகளாகச் செய்து, சுற்றியுள்ள முப்பது, நாற்பது தோல் செல்களுக்குப் பங்கிட்டுக் கொடுக்கும். உங்கள் அம்மாவின் உடலில் இருக்கும் காவல் செல்கள், அந்த நிறமிச் செல்களை அயலார் என்று தவறாக எண்ணி அழிக்கின்றன. தோல் சாகவில்லை, அதில் வியர்வையும் உணர்ச்சியும் உண்டு, காயம் பட்டால் ஆறவும் செய்கிறது. நிறமணிகளின் வரத்து மட்டுமே நின்றுபோயிருக்கிறது. ஒருவர் உடலுக்குள்ளேயே நடக்கும் இந்தச் சண்டையில் மாவுக்குள் இறங்கி அடுத்தவர் வயிற்றுக்குப் போக எதுவுமில்லை.

வெள்ளைக்காரருக்கும் நமக்கும் நிறமிச் செல்களின் எண்ணிக்கை ஏறக்குறைய ஒன்றுதான். அவை செய்யும் மணிகளின் அளவிலும் பெருக்கத்திலுமே வேறுபாடு இருக்கிறது. அதனால்தான் வெளிர்நிறத் தோலில் கண்ணுக்குத் தப்பிவிடும் அதே திட்டு, நம் மாநிறத்தில் பத்தடி தூரத்திலிருந்தே தெரிகிறது.

அம்மாவின் முன்கையை விளக்கொளியில் ஒருமுறை பாருங்கள். இதே தொழில் செய்யும் ஒருவரை நான் பார்த்திருக்கிறேன். வலது மணிக்கட்டிலிருந்து முழங்கை வரை மிளகளவு வெள்ளைப் பொட்டுகள் சிதறிக் கிடந்தன, இடது கையில் ஒன்றுகூட இல்லை. அவ்வளவும் வாணலியிலிருந்து எண்ணெய் தெறித்த இடங்கள் என்பது அவர் சொல்லித்தான் எனக்குத் தெரிந்தது. நோய் பரவிக்கொண்டிருக்கும் காலத்தில் சூடு, கீறல், ஓயாத உரசல் ஆகியவை பட்ட இடமெல்லாம் சில வாரங்களில் வெளுக்கக்கூடும். பாவாடை நாடாவை இறுக்கிக் கட்டும் இடுப்பும் செருப்பு வார் பதியும் புறங்காலும் வெளுப்பது இதனால்தான். ஆகவே முழங்கை மறையும் பருத்திச் சட்டையும் நீண்ட காம்புள்ள கரண்டியும் அவருக்கு மருந்தைப் போலவே வேண்டியவை.

சிகிச்சையில் எவ்வளவு எதிர்பார்க்கலாம் என்பதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். புற ஊதாக் கதிர் சிகிச்சையை வாரம் இரண்டு மூன்று முறை, பல மாதங்கள் எடுக்க வேண்டும். நிறம் திரும்பும்போது முதலில் மயிர்க்கால்களைச் சுற்றிப் புள்ளி புள்ளியாகத்தான் தோன்றும், ஏனென்றால் மாற்று நிறமிச் செல்கள் குடியிருப்பது அங்கேதான். விரல் நுனியிலும் உதட்டிலும் மயிர்க்கால் கிடையாது. முன்கைப் பொட்டுகள் நன்றாகத் தேறும். விரல் நுனிகள் தேறுவது அரிது.

தேவகோட்டையிலிருந்து ஒருவர்: இது எதிர்ப்புச் சக்திக் கோளாறு என்று படித்தேன். ஆகவே சக்தியைக் கூட்டும் சூரணம் சாப்பிடுகிறேன், மீனையும் பாலையும் சேர்த்து உண்பதில்லை. சரிதானே?

முதல் வாக்கியம் சரி. ஆனால் கோளாறு என்பது குறைவு அல்ல; உங்கள் காவல்படை பலவீனமாக இல்லை, ஆளைத் தவறாக அடையாளம் கண்டுகொண்டு அடிக்கிறது. அதற்கு மேலும் பலம் ஊட்டி என்ன பயன்? மருத்துவர்கள் கொடுக்கும் களிம்புகள் அந்தப் படையைத் தோலளவில் அடக்கி வைப்பவை. 2022-இல் அமெரிக்காவில் இந்நோய்க்கென்றே அனுமதி பெற்ற ருக்சோலிட்டினிப் களிம்பும் அந்த வகைதான். மீனையும் பாலையும் சேர்த்து உண்பதால் வெண்புள்ளி வருகிறது என்பதற்குச் சான்று இல்லை. பணத்தைச் சூரணத்தில் போடுவதை விட, தைராய்டு இரத்தப் பரிசோதனை ஒன்று செய்துகொள்ளுங்கள், இந்நோயுள்ளவர்களுக்கு அந்தச் சுரப்பியும் தாக்கப்படுவது உண்டு.

ஆத்தங்குடியில் கல் பதிக்கும் தொழிலாளி: எனக்கும் தொடையில் வெளிறிய திட்டு ஒன்று இருக்கிறது. அங்கே கிள்ளினால் அவ்வளவாகத் தெரிவதில்லை. ஒட்டாத நோய் என்று நீங்களே சொன்னதால் மருத்துவரிடம் போகவில்லை.

ஐயா, நான் சொன்னது வெண்புள்ளியைப் பற்றி. உங்களுக்கு இருப்பது அதுவன்று என்றே ஐயப்படுகிறேன். வெண்புள்ளி பால் போல வெளுத்திருக்கும், உணர்ச்சி குறையாது. வெளிறி மட்டும் இருந்து உணர்ச்சியும் மங்கியிருந்தால் தொழுநோயா என்று பார்த்தே ஆக வேண்டும். பஞ்சுத் திரியால் திட்டின் மேலும் பக்கத்துத் தோலிலும் மாறி மாறித் தொடச் சொல்லி, கண்ணை மூடிக்கொண்டு சோதித்துப் பாருங்கள். எப்படி இருந்தாலும் இந்த வாரமே அரசு மருத்துவமனைக்குப் போய்விடுங்கள். அங்கே கூட்டு மருந்து இலவசம், ஆறு மாதமோ ஓராண்டோ சாப்பிட்டால் குணமாகிவிடும். அதுவும்கூடக் கை குலுக்குவதால் ஒட்டிவிடும் நோய் அன்று.

இந்தக் குழப்பத்துக்குப் பழைய பெயரே பெரும் காரணம். 'வெண்குஷ்டம்' என்ற ஒரு சொல் தொடர்பில்லாத இரண்டு நோய்களை ஒரே முடிச்சில் கட்டிவிட்டது. தமிழக அரசு அதை நீக்கி 'வெண்புள்ளி' என்று வழங்கச் சொன்னது அதனால்தான்.

புதுவயலிலிருந்து ஒரு கல்லூரி மாணவி: என் கன்னத்திலும் கழுத்திலும் உள்ள திட்டுகள் ஐந்து ஆண்டுகளாகப் பெரிதாகவில்லை. பெண் பார்க்க வருகிறார்கள், பூச்சு பூசி மறைத்துக்கொள் என்கிறார் ஆத்தா. எனக்கு விருப்பமில்லை. குழந்தைக்கு வருமா? இதைக் காரணம் காட்டிக் கணவர் என்னைத் தள்ளி வைக்க முடியுமா?

பெற்றோரில் ஒருவருக்கு இருந்தால், நூறு பிள்ளைகளில் ஐந்தாறு பேருக்கு வரலாம். எஞ்சியவர்களுக்கு வருவதில்லை. வெண்புள்ளி இந்து திருமணச் சட்டத்தில் மணமுறிவுக்குத் தனிக் காரணமாக இருந்ததே இல்லை. தொழுநோய் இருந்தது, அதையும் 2019-இல் நீக்கிவிட்டார்கள். பழைய பெயரை வைத்துக்கொண்டு இதையும் அதையும் ஒன்றாக்கி மிரட்டுவோர் இன்னும் இருக்கிறார்கள் என்பதால் இதைச் சொல்லி வைக்கிறேன்.

ஐந்தாண்டுகளாக மாறாமல் இருப்பதால், தொடையிலிருந்து மெல்லிய தோலெடுத்துப் பதிக்கும் சிகிச்சைக்கு நீங்கள் ஏற்றவர். செய்தே ஆக வேண்டுமா என்பது வேறு. கன்னத்தில் நிறம் திரும்பிய ஒரு பெண், முதல் சில மாதங்கள் கண்ணாடியில் தெரிந்தது யாரோ என்று இருந்ததாக என்னிடம் சொன்னார். பன்னிரண்டு வயது முதல் அந்தத் திட்டோடுதான் அவர் தம்மை அறிந்திருந்தார். பூச்சைப் பற்றி மட்டும் என் கருத்து: விழாவுக்குப் பூசிக்கொள்வது உங்கள் விருப்பம், பேச்சு முடியும்வரை மறைப்பதற்காகப் பூசினால், முகம் கழுவும் முதல் நாளே பூசல் தொடங்கும். ஆத்தாவின் அச்சமும் பொய்யன்று, ஊர் எப்படிப் பேசும் என்பதை அவர் உங்களை விட அதிகம் கேட்டிருப்பார்.

பள்ளத்தூரிலிருந்து ஓய்வுபெற்ற ஆசிரியர்: ஒட்டாது என்று அறிவுக்குத் தெரிகிறது. ஆயினும் பந்தியில் அந்தக் கையைப் பார்த்தால் மனம் ஒப்பவில்லையே?

நேர்மையாகக் கேட்டீர்கள். அதை நான் விளக்கத்தால் நீக்கிவிட முடியாது. பழக்கத்தால் சிலருக்கு நீங்குகிறது, சிலருக்கு நீங்குவதில்லை. ஆனால் உங்கள் மனம் ஒப்பாததற்கு அந்த அம்மாவின் கூலியை ஏன் பிடிக்க வேண்டும் என்பதை நீங்கள்தான் சொல்ல வேண்டும்.

மீண்டும் கண்டனூர் மகள்: ரப்பர் கையுறை போட்டுச் சுடச் சொல்லுங்கள், வாங்கிக்கொள்கிறோம் என்று இப்போது ஒரு வீட்டார் இறங்கி வந்திருக்கிறார்கள். சம்மதிக்கலாமா?

கொதிக்கும் எண்ணெய்ப் பக்கத்தில் மெல்லிய கையுறை உருகி விரலில் ஒட்டும், அந்தச் சூட்டுப் புண் அப்படியே வெளுக்கும். ரப்பரிலும் ஒரு சிக்கல் உண்டு. 1930-களின் இறுதியில் அமெரிக்கத் தோல் பதனிடும் ஆலை ஒன்றில் ரப்பர் கையுறை அணிந்தவர்களின் கைகள் வெளுத்தன. ரப்பரில் சேர்த்த ஒரு வேதிப்பொருள் நிறமிச் செல்களைக் கொன்றது பின்னர் தெரிந்தது. சுத்தத்துக்காக மாவு பிசையும் எல்லோருக்கும் கையுறை என்றால் ரப்பர் கலக்காததாகக் கேட்டு வாங்கி, அடுப்புக்கு வருமுன் கழற்றிவிடச் சொல்லுங்கள். அம்மாவுக்கு மட்டும் என்றால் வேண்டாம்.