ஸ்கேன் நார்மல் என்றால் பி.சி.ஓ.எஸ் இல்லையா?

கேள்வி: வயது 25, பெங்களூரில் வேலை, பி.ஜி.யில் தங்கியிருக்கேன். பீரியட்ஸ் 50 நாள், 60 நாள்னு தள்ளிப் போகுது. தாடையில பரு, முகவாயில முடி. ஸ்கேன் எடுத்தேன், நார்மல்னு வந்துடுச்சு. அப்போ எனக்கு பி.சி.ஓ.எஸ் இல்லைதானே?

பதில்:

ஸ்கேன் நார்மலாக இருந்தாலும் பி.சி.ஓ.எஸ் என்கிற சினைப்பை ஹார்மோன் கோளாறு இருக்கலாம். நீங்கள் சொல்வதைப் பார்த்தால் அதற்கு வாய்ப்பு அதிகம். பெங்களூரில் மகப்பேறு மருத்துவராக இருக்கிறேன். சேலம், தருமபுரி, ஓசூர் பக்கமிருந்து இங்கே வேலைக்கு வந்த பெண்கள் ஸ்கேன் கவரைக் கையில் வைத்துக்கொண்டு இதே கேள்வியை அடிக்கடி கேட்கிறார்கள்.

2003-ல் ராட்டர்டாமில் மருத்துவர்கள் கூடி ஓர் அளவுகோல் வகுத்தார்கள். இன்றும் அதன் அடிப்படையில்தான் முடிவு செய்கிறோம். பார்க்க வேண்டியவை மூன்று: பீரியட்ஸ் ஒழுங்காக வராதது, ஆண் ஹார்மோன் கூடியிருப்பதற்கான அடையாளம், ஸ்கேனில் சினைப்பையின் தோற்றம். இவற்றில் இரண்டு இருந்து, வேறு நோய் இல்லையென்று தெரிந்தால் அது பி.சி.ஓ.எஸ். முதல் இரண்டும் தெளிவாக இருந்தால் ஸ்கேன் எடுக்க வேண்டிய அவசியமே இல்லை.

இன்னொரு விஷயமும் உண்டு. கல்யாணமாகாத பெண்களுக்கு இங்கே பெரும்பாலும் தண்ணீர் குடிக்க வைத்து, வயிற்றின் மேல் வைத்துத்தான் ஸ்கேன் எடுப்பார்கள். அதில் சினைப்பைக்குள் இருக்கும் சின்னச் சின்ன முட்டைப்பைகளைச் சரியாக எண்ண முடியாது. ஒரு சினைப்பையின் அளவு 10 மில்லியைத் தாண்டுகிறதா என்றுதான் பார்க்கலாம். 9 மில்லி என்று வந்தால் ரிப்போர்ட்டில் நார்மல் என்று இருக்கும். அதை வைத்து நிம்மதி அடையவும் முடியாது, பயப்படவும் வேண்டாம்.

அதனால் நான் முதலில் கேட்பது காலண்டரைத்தான். பீரியட்ஸ் தொடங்கிய நாளிலிருந்து அடுத்தது தொடங்கும் நாள் வரை எண்ண வேண்டும். வயதுக்கு வந்து மூன்று வருடம் கடந்த பெண்ணுக்கு அது 21-க்குக் குறைந்தாலோ, 35-ஐத் தாண்டினாலோ, வருடத்துக்கு எட்டு தடவைக்கும் குறைவாக வந்தாலோ ஒழுங்கில்லை என்றுதான் கணக்கு. உங்கள் 50, 60 நாள் அதற்குள் வந்துவிடுகிறது. ஒன்றை மட்டும் கவனியுங்கள். பருவுக்காகத் தோல் டாக்டர் கருத்தடை மாத்திரை கொடுத்திருந்தால், அதைச் சாப்பிடும் மாதங்களில் ரத்தப்போக்கு டாண் என்று வரும். அது மாத்திரையை நிறுத்துவதால் வருவது. அந்த மாதங்களைக் கணக்கில் சேர்க்காதீர்கள்.

அடுத்தது முடி. கன்னத்தில் மெல்லிசாக இருக்கும் பூனைமுடி இதில் சேராது. கருத்து, தடித்து, தொட்டால் சொரசொரவென்று இருக்கும் முடிதான் கணக்கு. மேலுதடு, முகவாய், நெஞ்சு, தொப்புளுக்குக் கீழே, தொடை, முதுகு என்று ஒன்பது இடங்களைப் பார்த்து, ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 4 வரை மதிப்பெண் போடுவோம். கூட்டினால் 4 முதல் 6-க்கு மேல் வந்தால் அதிக முடி என்று எடுத்துக்கொள்கிறோம். பரு மட்டும் இருந்தால் அது பலவீனமான அடையாளம், ஏனென்றால் ஹார்மோன் சரியாக இருப்பவர்களுக்கும் பரு வரும். முடிதான் உறுதியாகப் பேசும்.

போன வருடம் ஒரு பெண் வந்தார். எலெக்ட்ரானிக் சிட்டியில் வேலை, வயது 26, ஒல்லியான உடல்வாகு. வருடத்தில் ஆறு தடவைதான் பீரியட்ஸ். முகம் பளிச்சென்று இருந்தது. ஸ்கேன் நார்மல், ரத்தத்தில் டெஸ்டோஸ்டிரோன் அளவும் நார்மல். "ஒண்ணுமில்லை, டென்ஷன்தான்" என்று வேறொரு இடத்தில் சொல்லி அனுப்பியிருந்தார்கள். கூட வந்த அம்மாவை வெளியே உட்காரச் சொல்லிவிட்டு, "த்ரெடிங் எப்போ பண்ணினீங்க?" என்று கேட்டேன். நேற்று என்றார். பத்து நாளுக்கு ஒருமுறை பார்லர் போய் மேலுதடும் முகவாயும் எடுப்பாராம், வயிற்றில் வேக்ஸிங். இதை யாரும் கேட்கவில்லை, அவரும் கூச்சத்தில் சொல்லவில்லை. முகவாயை வெளிச்சத்தில் பார்த்தபோது தோலுக்குள் கரும்புள்ளிகளாக முடிவேர்கள் தெரிந்தன. டெஸ்டோஸ்டிரோன் நார்மலாக இருந்தாலும், கண்ணால் பார்த்து உறுதி செய்யும் இந்த முடி இரண்டாவது அடையாளமாகக் கணக்கில் வரும்.

ஆனால் உடனே பெயர் சூட்டிவிடக் கூடாது. இதே அறிகுறிகளோடு வேறு நோய்களும் வரும். முதலில் கர்ப்பம் இல்லை என்று பார்க்க வேண்டும். அம்மாவை வெளியே அனுப்பியதற்கு அதுவும் ஒரு காரணம். பிறகு தைராய்டுக்கு டி.எஸ்.எச், பாலூக்க ஹார்மோனான புரோலாக்டின், அப்புறம் 17 ஹைட்ராக்ஸி புரோஜெஸ்டிரோன். கடைசியாகச் சொன்னது அட்ரினல் சுரப்பியில் பிறவியிலேயே இருக்கும் ஒரு குறையைக் காட்டிக்கொடுக்கும். அந்தக் குறை அச்சு அசலாகப் பி.சி.ஓ.எஸ் போலவே தெரியும். பீரியட்ஸ் வந்த முதல் சில நாட்களுக்குள், காலையிலேயே ரத்தம் கொடுப்பது நல்லது. கருத்தடை மாத்திரை சாப்பிட்டுக்கொண்டிருந்தால் ஆண் ஹார்மோன் அளவு தப்பாகத்தான் வரும். மூன்று மாதமாவது நிறுத்திய பிறகு பார்க்க வேண்டும். அந்தப் பெண்ணுக்கு இவை எல்லாம் சரியாக இருந்தன. அப்போதுதான் பி.சி.ஓ.எஸ் என்று எழுதினேன்.

அதோடு 75 கிராம் குளுக்கோஸ் குடிக்க வைத்து ஒரு சோதனை செய்தோம். வெறும் வயிற்றில் 92. இரண்டு மணி நேரம் கழித்து 156. 140-ஐத் தாண்டினால் சர்க்கரை வியாதிக்கு முந்தைய நிலை. வெறும் வயிற்று அளவை மட்டும் பார்த்திருந்தால் தெரிந்திருக்காது. இன்சுலின் சரியாக வேலை செய்யாதபோது உடம்பு அதைக் கூடுதலாகச் சுரக்கும். அந்தக் கூடுதல் இன்சுலின் சினைப்பையை ஆண் ஹார்மோன் அதிகம் செய்யத் தூண்டும். முட்டை முழுதாக வளராமல் பாதியில் நின்றுவிடும், பீரியட்ஸ் தள்ளிப் போகும். ஒல்லியாக இருப்பவர்களுக்கும் இது உண்டு. கழுத்துப் பின்புறம் கருத்து, வெல்வெட் போல் தடித்திருந்தால் அதுவும் இதன் அடையாளம். தேய்த்தால் போகாது.

நீங்கள் இப்போது செய்ய வேண்டியது இதுதான். கடந்த ஒரு வருடத்துப் பீரியட்ஸ் தேதிகளை ஒரு தாளில் எழுதுங்கள். எந்தெந்த இடத்தில், எத்தனை நாளுக்கு ஒருமுறை முடி எடுக்கிறீர்கள் என்பதையும் எழுதிக்கொண்டு மகப்பேறு மருத்துவரையோ ஹார்மோன் மருத்துவரையோ பாருங்கள். டாக்டர் கேட்காவிட்டாலும் நீங்களே சொல்லுங்கள். சில மாதங்களுக்குள்ளேயே முடி மளமளவென்று வளர்ந்தாலோ, குரல் கரகரத்தாலோ அது பி.சி.ஓ.எஸ் போக்கு இல்லை. சினைப்பையிலோ அட்ரினலிலோ கட்டி இருக்கிறதா என்று பார்க்க வேண்டும், அதற்குத் தாமதிக்காதீர்கள். அப்படி எதுவும் இல்லாவிட்டாலும், 90 நாள் தாண்டியும் பீரியட்ஸ் வராவிட்டால் காத்திருக்க வேண்டாம். கருப்பையின் உள்சுவர் உதிராமல் தடித்துக்கொண்டே போகும், அது நல்லதல்ல. கர்ப்பம் இல்லை என்று உறுதி செய்துகொண்டு, சில நாட்கள் புரோஜெஸ்டிரோன் மாத்திரை கொடுத்து டாக்டர் அதை வரவைப்பார்.